மென்ஸ் பிசிக்: வெயிட் நின்றுபோன அந்த இரண்டு வாரம்

பிப்ரவரி கடைசியில் பாடிபில்டிங் போட்டி. ஷார்ட்ஸ் போட்டு நிற்கிற மென்ஸ் பிசிக் பிரிவு, எனக்கு முதல் மேடை. சாப்பாட்டைக் குறைத்துக் கொழுப்பைக் கரைக்கிற கட்டிங்கை செப்டம்பரிலேயே ஆரம்பிக்கத் துடித்தேன். ஜிம்மில் கோச் அண்ணன்தான் நிறுத்தினார். "மொதல்ல எவ்வளவு தின்னா வெயிட் ஏறாம எறங்காம நிக்குதுன்னு பாருங்க தம்பி. அது தெரியாம எதுலீங்க கொறைப்பீங்க?"

அக்டோபர் முழுக்க அதே வேலை. காலையில் பாத்ரூம் போய் வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை. ஒருநாள் கணக்கு எதற்கும் ஆகாது. முந்தின ராத்திரி உப்பு கூடினாலே ஒரு கிலோ ஏறிவிடும். வாரச் சராசரிதான் பேசும். தினம் 2,600 கலோரிக்கு நாலு வாரமும் 78 கிலோவை ஒட்டியே நின்றது.

நவம்பரில் 2,100-க்கு இறக்கினேன். புரதத்தை மட்டும் 150 கிராமுக்குக் குறையவிடவில்லை. முதல் வாரத்தில் ஒன்றரை கிலோ போனது பெரும்பாலும் தண்ணீர். அப்புறம் வாரத்துக்கு அரைக்கிலோ. புல்-அப் எண்ணிக்கை குறையாதவரை போவது கொழுப்புதான் என்று தைரியமாக இருந்தேன்.

பொங்கலுக்குப் பிறகு சராசரி 73-லேயே இரண்டு வாரம் நின்றுவிட்டது. சோற்றை இன்னும் குறைக்கப் போனேன். அண்ணன் என் போனை வாங்கி நடைக் கணக்கைப் பார்த்தார். அக்டோபரில் தினம் 9,000 அடி, இப்போது 5,500. திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை எனக்கு. எப்போதும் நின்றபடியே பார்க்கிறவன், எனக்கே தெரியாமல் ஸ்டூலில் உட்கார ஆரம்பித்திருக்கிறேன். பண்டல் எடுக்கக்கூடப் பையனை அனுப்பியிருக்கிறேன். சாப்பாடு குறைந்தால் உடம்பு இப்படித்தான் சத்தமில்லாமல் மிச்சம் பிடிக்கும். வீட்டில் அரிசிம்பருப்பு சாதத்தில் ஊற்றிய தேங்காய் எண்ணெயும் என் கணக்கில் இல்லை. ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. சோற்றில் கை வைக்காமல், ஸ்டூலைத் தள்ளிவிட்டு எண்ணெயை அளந்தேன். அடுத்த வாரமே இறங்கியது. மேடையேறிய அன்று 69.4. பரிசு இல்லை, முதல் பத்துக்குள் வந்தேன்.

கோட்டை விட்டது அதற்குப் பிறகுதான். அதுவரை எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருந்தோம், போட்டிக்கு மறுநாளைக்கு ஒன்றும் இல்லை. புரோட்டா, பிரியாணி, ஊர் நோம்பிக் கெடா விருந்து. ஒன்பதே நாளில் 74. கணுக்காலில் சாக்ஸ் தடம் அரைமணி நேரம் மறையவில்லை. "வத்திப் போயிருந்தே கண்ணு, இப்பத்தான் மொகம் தெளிஞ்சிருக்குது" என்று அம்மாயிக்கு ஒரே சந்தோஷம். அது தெளிச்சல் இல்லை, வீக்கம்.

பழைய 2,600 இளைத்த உடம்புக்குக் கூடுதல். அதனால் 2,300-ல் நிறுத்தினோம். நீர் வடிந்து 72.5-க்கு வந்தது. பசியும் தூக்கமும் சரியாக ஆறு வாரம் ஆனது. அதன்பிறகுதான் 200 கலோரி கூட்டி எடை ஏற்றத்துக்குப் போனேன். இப்போது மாதம் அரைக்கிலோ ஏறுகிறது, புல்-அப்பில் இரண்டு கூடியிருக்கிறது. அடுத்த சீசன் நோட்டில் முதலில் எழுதியது, போட்டிக்கு மறுநாள் காலைச் சாப்பாடு.