முதல் ஐந்து கிளையன்ட்களும் வந்த வழி

கம்பெனிகளில் தேங்கிக் கிடக்கும் சரக்கைக் குறைப்பதுதான் என் வேலை. பல வருடம் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் பிரிவுகளில் இருந்துவிட்டு, தனியாகக் கன்சல்டிங் செய்ய இறங்கினேன். வெப்சைட், விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, என் வேலையை நேரில் பார்த்தவர்களின் பெயர்களை முதலில் எழுதினேன். கூட வேலை செய்தவர்கள், சரக்கு கொடுத்த சப்ளையர்கள், ஆடிட்டர்கள், ஸ்டாக் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்விதான்: இவரே காசு கொடுத்து என்னை வைத்துக்கொள்வாரா, அப்படிப்பட்டவரைத் தெரிந்தவரா? இரண்டாவது வகைதான் அதிகம். அதிலும் ஆடிட்டரும் சாஃப்ட்வேர்காரரும்தான் எனக்கு முக்கியமாகப் பட்டார்கள். பல முதலாளிகளின் கணக்கைப் பார்க்கிறவர்கள் அவர்கள். சரக்கு தேங்குவது அவர்கள் கண்ணில் படும், ஆனால் அதைச் சரிசெய்வது அவர்கள் வேலை அல்ல. அதனால் என்னை அறிமுகம் செய்வதில் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

அவர்களுக்கு அனுப்பிய செய்தியை, அப்படியே இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்யும்படி எழுதினேன். "உதிரி பாகம் விற்கும் கம்பெனிகளில் ஒரு வருடமாக விற்காமல் கிடக்கும் சரக்கைக் கண்டுபிடித்து, அதைப் பணமாக்க வழி செய்கிறேன். குடோன் நிறைந்திருந்தும் கேட்ட பொருள் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அனுப்பிவையுங்கள். இருபது நிமிடம் பேசினால் போதும்." இவ்வளவுதான். "ஸ்டாக் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு எந்த முகமும் நினைவுக்கு வராது. நிறைந்த குடோன் என்றால் உடனே யாராவது ஒருவர் நினைவுக்கு வந்துவிடுவார்.

ஓர் ஆடிட்டர் ஃபார்வர்ட் செய்ததில் ஒரு விநியோகஸ்தர் பேசினார். நான் என்னைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பொருளின் பெயர், கையிருப்பு, வாங்கிய விலை, கடைசியாக விற்ற தேதி, இந்த நான்கும் இருக்கும் ரிப்போர்ட்டை மட்டும் கேட்டேன். அடுத்த அழைப்பில் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி விற்பனைத் தேதிப்படி வரிசைப்படுத்திக் காட்டினேன். மொத்தக் கையிருப்பின் மதிப்பை 100 என்று வைத்தால், 20 ஒரு வருடமாக அசையவே இல்லை. சப்ளையரிடம் திருப்பிக் கொடுத்தும் தள்ளுபடியில் விற்றும் அதில் பாதி மீண்டால் 10. என் கட்டணம் 1. இரண்டு வார வேலை, நிலையான தொகை, பாதி அட்வான்ஸ். மணிக்கணக்கில் கட்டணம் சொல்லியிருந்தால் பேச்சு முழுவதும் என் நேரத்தைப் பற்றியே போயிருக்கும். இங்கே பேச்சு அவருடைய சரக்கைப் பற்றிப் போனது.

முதல் வேலையை இலவசமாகச் செய்து கொடுக்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பணம் கொடுக்காத முதலாளி தன் ஆட்களை விரட்டி டேட்டா வாங்கித் தர மாட்டார். அது இல்லாமல் என் வேலை நடக்காது. ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. இலவசம் அதோடு சரி.

அந்த ரிப்போர்ட்டே நல்ல சல்லடையாகவும் இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு, புரொபோசல் அனுப்புங்க" என்று சொல்பவரிடம் ரிப்போர்ட்டைக் கேட்பேன். அனுப்பினால் உண்மையான தேவை இருக்கிறது. அனுப்பவில்லை என்றால், ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அப்புறம் மாதம் ஒருமுறை அவர் தொழிலுக்குப் பயன்படும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். புரொபோசல் எழுத உட்கார மாட்டேன். இன்னொன்றும் கேட்டுவிடுவேன்: "இதற்கு ஓகே சொல்வது நீங்களா, வேறு யாராவதா?" வேறு ஒருவர் என்றால் அவரும் இருக்கும்போதுதான் கட்டணத்தைச் சொல்வேன்.

இரண்டாவது, மூன்றாவது கிளையன்ட்கள் அந்த விநியோகஸ்தர் மூலம் வந்தார்கள். தேங்கிய சரக்கில் முதல் பகுதி விற்றுப் பணம் கைக்கு வந்த அன்றே அவரிடம் கேட்டேன். "யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்கவில்லை. அதே ஊரில் அதே பொருளை விற்பவருக்கு அவர் என்னை அனுப்ப மாட்டார், அது நியாயமும்தான். அதனால் அவருக்குச் சரக்கு கொடுக்கும் இரண்டு சப்ளையர்களின் பெயரைச் சொல்லியே கேட்டேன். எங்கள் எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவை அவரே தொடங்கிவைத்தார்.

நான்காவது சாஃப்ட்வேர்காரர் வழியாக, ஐந்தாவது மறுபடியும் ஆடிட்டர் வழியாக. ஐவருமே ஒருவரை ஒருவர் அறிந்த வட்டம் என்பதால், ஒருவரின் கொள்முதல் விலையோ கையிருப்போ இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பதை மூன்றாவது கிளையன்ட்டில் தொடங்கி ஒப்பந்தத்தின் முதல் வரியாகவே எழுதுகிறேன். ஐந்தாவது கிளையன்ட் கையெழுத்துப் போடும் முன் விரல் வைத்துப் படித்தது அந்த வரியைத்தான்.