கட்டணமில்லா எண்ணுக்குக் கட்டணம் கட்டிய கதை

நியூ ஜெர்சியில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பியபோது, வருமான வரி ரீஃபண்ட் வந்து சேரட்டும் என்று அங்கிருந்த வங்கிக் கணக்கை மூடாமல் விட்டு வந்தேன். கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, அல்சூர் வீட்டிலிருந்து அந்தக் கணக்கில் நுழைய முயன்றபோது, பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகத் திரையில் தெரிந்தது. விவரத்துக்கு அழைக்கும்படி 1-800-425 எனத் தொடங்கும் ஒரு கட்டணமில்லா எண்ணும் அதன் கீழே இருந்தது. அந்த எண்ணைக் கடந்து ஒரு மனிதரிடம் பேச எனக்கு ஐந்து நாள்கள் ஆயின.

முதல் தவறு முழுக்க என்னுடையது. திரையில் இருந்த பதினொரு இலக்கங்களையும் அப்படியே கைபேசியில் அழுத்தினேன். உடனே மணி அடித்தது, மகிழ்ந்தேன். மறுமுனையில் ஒரு பதிவுக் குரல் இந்திக்கு ஒன்றையும் ஆங்கிலத்துக்கு இரண்டையும் அழுத்தச் சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டி பழுதா, சலவை இயந்திரம் பழுதா என்று விசாரித்தது. இந்தியாவின் கட்டணமில்லா எண்களும் 1800 என்றே தொடங்குகின்றன. அவற்றில் பலவற்றுக்கு மொத்தம் பதினொரு இலக்கங்கள்தாம். அமெரிக்க எண்ணில் முதலில் வரும் 1 அந்நாட்டின் குறியீடு, 800 தனி. நடுவே இருக்கும் சிறு கோட்டைக் கைபேசி பொருட்படுத்துவதில்லை என்பதால், முன்னால் கூட்டல் குறி இல்லாமல் அழைத்தால் அழைப்பு இந்தியாவைத் தாண்டவே தாண்டாது.

கூட்டல் குறியோடு அழைத்தபோது, என் இணைப்பில் ஐஎஸ்டி வசதி இல்லை என்று என் கைபேசி நிறுவனத்தின் குரல் அறிவித்தது. மறுநாள் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அந்நிறுவனத்தின் கடைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர், "டோல் ஃப்ரீ நம்பருக்கு ஐஎஸ்டி எதுக்கு சார்? அது ஃப்ரீதானே?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். கால் மணி நேர வாதத்துக்குப் பிறகு ஐஎஸ்டி திறக்கப்பட்டு, ஒரு பேக்கும் என் தலையில் கட்டப்பட்டது. அன்று மாலை ஐந்தரை மணிக்கு, அதாவது நியூயார்க்கில் காலை எட்டு மணிக்கு, மீண்டும் அழைத்தேன். இம்முறை ஓர் அமெரிக்கக் குரல், நான் இருக்கும் பகுதியிலிருந்து இந்த எண்ணை அழைக்க இயலாது என்று சொல்லித் துண்டித்தது.

இந்த இரண்டு குரல்களின் வேறுபாடு முக்கியமானது. மறுப்பு நம் நிறுவனத்தின் குரலில் வந்தால் அழைப்பு இங்கேயே நின்றுவிட்டது. ஐஎஸ்டி திறந்தால் அது நகரக்கூடும். அந்நாட்டுக் குரலில் வந்தால் அழைப்பு கடல் தாண்டிப் போய் அங்கே மறுக்கப்பட்டிருக்கிறது. எத்தனை பேக் வாங்கினாலும் பயனில்லை. இதை முன்பே அறிந்திருந்தால் மேலும் மூன்று முறை அழைத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

எல்லாம் யார் பணம் தருவது என்ற கேள்விதான். வழக்கமான வெளிநாட்டு அழைப்பில் என் நிறுவனம் என்னிடம் வசூலித்து, அழைப்பைக் கொண்டு சேர்க்கும் அந்நாட்டு நிறுவனத்துக்கு ஒரு பங்கைக் கொடுக்கிறது. கட்டணமில்லா எண்ணில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது: வங்கி தன் தொலைபேசி நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறது, அந்நிறுவனம் அழைப்பு கிளம்பிய இடத்தின் நிறுவனத்துக்குப் பங்கு தருகிறது. இந்த ஏற்பாடு அந்நாட்டு எல்லைக்குள் செய்துகொண்டது. பெங்களூரில் உள்ள நிறுவனம் அதில் சேர்ந்ததில்லை. ஆகவே அது அழைப்பைத் தடுத்துவிடலாம், அல்லது வழக்கமான ஐஎஸ்டி கட்டணத்தை என்னிடமே வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கலாம். அனுப்பிவைத்தாலும் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் 800, 888, 877 போன்ற எண்கள் எந்த ஊருக்கும் உரியவை அல்ல. ஒவ்வோர் அழைப்பின்போதும் ஒரு பொதுத் தரவுத்தளத்தைக் கேட்டு, அந்த எண் எந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்துத்தான் வழி தீர்மானிக்கப்படுகிறது. எந்தெந்தப் பகுதிகளிலிருந்து வரும் அழைப்புகளை ஏற்பது என்பதை எண்ணின் உரிமையாளரே குறுக்கிக்கொள்ளவும் முடியும். செலவு அவருடையது என்பதால் அதில் குறை சொல்லவும் இயலவில்லை.

முன்பெல்லாம் இதற்கு ஸ்கைப் இருந்தது. அமெரிக்கக் கட்டணமில்லா எண்களுக்கு அதில் இலவசமாகவே பேசலாம். 2025 மே மாதத்தில் அதை மூடிவிட்டார்கள். அமெரிக்க சிம்மை உயிரோடு வைத்திருப்பவர்கள் வைஃபை வழியாக அழைக்கும் வசதியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அழைப்பு அங்கிருந்தே கிளம்பியதாகக் கருதப்படும். நான் என் சிம்மை விமான நிலையத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டு வந்த புத்திசாலி.

புதன்கிழமை, நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவைப் பிடித்தேன். வாட்ஸப் அழைப்பில் வங்கியை இணைக்க முடியாது என்பதால், அக்கா தன் கைபேசியிலிருந்து முதலில் எனக்கு வழக்கமான அழைப்பு விடுத்து, அதன்பின் வங்கியை அழைத்து இரண்டையும் இணைத்தார். முதல் முறையிலேயே வங்கி எடுத்தது. ஆனால் காத்திருப்போர் அதிகம், எண்ணைக் கொடுத்தால் திரும்ப அழைக்கிறோம் என்று இயந்திரக் குரல் சொன்னது. "டேய், எனக்கு வேலைக்கு நேரமாச்சு, உன் நம்பரையே சொல்லு" என்று அக்கா அவசரப்படுத்த, 98450 எனத் தொடங்கும் என் பத்து இலக்க எண்ணைச் சொன்னேன். அவர் அதை அழுத்திவிட்டுக் கிளம்பினார். இரவு ஒரு மணிவரை விழித்திருந்தும் யாரும் அழைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது: அமெரிக்க எண்களுக்கும் பத்து இலக்கங்கள், 984 என்பது வட கரோலினாவில் ராலே நகரப் பகுதியின் குறியீடு. என் வங்கி அங்கே யாரையோ அழைத்து என் பெயரைச் சொல்லியிருக்கக்கூடும். திரும்ப அழைக்கும் வசதியில் நாட்டுக் குறியீட்டுக்கு இடம் இல்லையென்றால் இந்திய எண்ணைக் கொடுக்காதீர்கள், வரிசையிலேயே காத்திருங்கள்.

வெள்ளிக்கிழமை, பீரோவுக்குள் பழைய கடவுச்சீட்டோடு கிடந்த டெபிட் கார்டு கிடைத்தது. அதன் பின்புறத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கென்று 302 எனத் தொடங்கும் இன்னோர் எண் இருந்தது. 302 டெலவேர் மாநிலத்தின் குறியீடு. அதாவது அது ஊர் உள்ள சாதாரண எண், எந்த நாட்டிலிருந்தும் போகும். கட்டணத்தை வங்கியே ஏற்கும்படி ஆபரேட்டர் மூலம் அழைக்கலாம் என்றும் அதனருகே போட்டிருந்தது. என் கைபேசியில் அப்படிப்பட்ட ஆபரேட்டரை எங்கே தேடுவது? நேராகவே அழைத்து என் காசிலேயே பேசினேன். நாற்பத்தொரு நிமிடங்கள், மூன்று பாதுகாப்புக் கேள்விகள், கணக்கு திறந்தது. செவ்வாய்க்கிழமை திட்டிக்கொண்டே வாங்கிய பேக் இங்கே கைகொடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கார்டு இல்லாதவர்கள் பழைய ஸ்டேட்மென்டிலோ, வங்கியின் செயலிக்குள்ளோ இந்த எண்ணைத் தேட வேண்டும். கூகுளில் தேடினால் போலி வாடிக்கையாளர் சேவை எண்கள்தாம் வரிசை கட்டி நிற்கும். எனக்கும் இரண்டு கிடைத்தன, ஒன்று எடுத்தவுடனேயே கார்டு எண்ணைக் கேட்டது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்திய வாடிக்கையாளர்களுக்கென்றே 000 800 எனத் தொடங்கும் எண் வைத்திருக்கின்றன. அது இருந்தால் உண்மையாகவே இலவசம்.

இதே சிக்கல் மறுதிசையிலும் உண்டு. அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குப் போகும் என் அம்மாவின் கைப்பையில், அவருடைய இந்திய வங்கியின் 1800 எண்ணை அடித்துவிட்டு, +91 80 எனத் தொடங்கும் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.