மூன்று முறை இரத்தம் கொடுத்தபின் கிடைத்த விடை

முகவாயிலும் வயிற்றின் நடுக்கோட்டிலும் தடித்த முடி வளர்ந்ததற்குக் காரணம் தேடிப் போன நான், 2 மாதங்களையும் 2 பரிசோதனைக் கட்டணங்களையும் வீணாக்கினேன். அலைச்சலில் பாதி, சீட்டில் விடுபட்ட ஒரு சொல்லால் வந்தது.

முதல் மருத்துவர், ஆண்மை ஹார்மோன்களுக்கு மூலமான ‘டி.எச்.இ.ஏ.’ ஹார்மோனின் பெயரை மட்டும் எழுதியிருந்தார். ஆய்வகமும் அதையே செய்தது. அந்த ஹார்மோனின் அளவு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். சினைப்பையும் அதைச் சிறிது சுரக்கும். பார்க்க வேண்டியது டி.எச்.இ.ஏ. சல்பேட். அது ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருவது, காலை மாலை என்று பெரிதாக மாறாதது. இதைச் சொன்னபோது, சீட்டில் உள்ளதைத்தான் செய்தோம் என்றார் ஆய்வக ஊழியர். அவர் சொன்னதும் தவறில்லை.

இரண்டாம் முறை சல்பேட் அளவு சற்றே கூடுதலாக வந்தது. ஆனால் அதனுடன் எடுத்த, அட்ரீனல் கார்ட்டிசோல் ஹார்மோனைச் செய்யும் வழியில் உண்டாகும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் அளவு பயனற்றுப் போயிற்று. என் மாதவிடாய்ச் சுழற்சியின் 21ஆம் நாள் பிற்பகலில் இரத்தம் எடுத்திருந்தார்கள். கருமுட்டை வெளியான பின் சினைப்பையே அந்த ஹார்மோனைச் சுரப்பதால், உயர்ந்த அளவுக்கு அட்ரீனலைக் குறை சொல்ல முடியாது. சுழற்சியின் தொடக்க நாட்களில் காலை 8 மணியளவில் போக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் அறிக்கைகளை ஒதுக்கிவிட்டு, “மறைவிடத்தில் முடி எந்த வயதில் வந்தது?” என்று கேட்டார். ஏழு வயதில் என்றேன். அப்போது மார்பக வளர்ச்சி இல்லை; வியர்வை நாற்றம் மட்டும் பெரியவர்களுடையதைப் போல் இருந்ததை அம்மா இன்றும் சொல்வார். அட்ரீனல் புறணியின் உள்ளடுக்கு விழித்துக்கொண்டு டி.எச்.இ.ஏ. சுரக்கத் தொடங்குவது, சினைப்பை தொடங்கும் பருவமடைதலிலிருந்து தனியான நிகழ்வு. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் இந்த அறிகுறிகள் தெரிந்தால் காரணத்தை விசாரிக்க வேண்டும் என்றார். பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்குமாம்.

மூன்றாம் பரிசோதனையில் எல்லாம் முறைப்படி நடந்தது. சுழற்சியின் 3ஆம் நாள் காலையில் எடுத்த 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் அளவு மில்லிலிட்டருக்கு 3.4 நானோகிராம், அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனின் செயற்கை வடிவத்தை 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு 60 நிமிடங்கள் கழித்து 14.6. பத்தைத் தாண்டினால் 21-ஹைட்ராக்சிலேஸ் நொதிக் குறைபாட்டின் லேசான வகை என்று கொள்கிறார்கள். கார்ட்டிசோலாக மாற வேண்டிய மூலப்பொருள் வழியில் தேங்கி ஆண்மை ஹார்மோன்களாகத் திரும்பிவிடுகிறது. இந்நோயில் டி.எச்.இ.ஏ. சல்பேட் இயல்பாகவும் இருக்கலாம் என்பதால், அது ஒன்றை மட்டும் பார்த்து அட்ரீனலை விடுவித்துவிட முடியாது.

கருத்தடை மாத்திரையும், பின்னர் ஆண்மை ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் தந்திருக்கிறார்கள். பின்னதை உண்ணும்போது கருத்தரித்தால் ஆண் கருவுக்கு ஆபத்து என்பதால் கருத்தடை மாத்திரையை நிறுத்தக் கூடாது. முளைத்துவிட்ட முடி இதனால் உதிராது; 6 மாதங்கள் கழித்தே வேறுபாடு தெரியும். எனக்கு இது நான்காவது மாதம். இழை இழையாய்ப் பிடுங்குவது இன்னும் நடக்கிறது.