குழவிக்குக் கை முளைத்த கதை

அண்ணியின் இட்லி மாவு கடைக்கு, பாக்கெட்டில் ஒட்டவும் வாட்ஸ்அப்பில் அசையும் படமாக அனுப்பவும் ஒரு பொம்மை தேவைப்பட்டது. முதலில் கண், வாய் வைத்த இட்லி ஒன்றை வரைந்தேன், பக்கத்துத் தெருக் கடையிலும் அதேபோல ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. "ஆட்டுக்கல் குழவியை வரைங்க தம்பி, குழவின்னா குழந்தைன்னும் அர்த்தம் இருக்கே" என்றார் அண்ணி. அதோடு முடிவாகிவிட்டது. கீழே பருத்த உடம்பு, மேலே இருக்கும் பிடி குடுமி.

வரைந்ததைக் கறுப்பாக நிரப்பி, 2 செ.மீ. அளவில் அச்செடுத்துப் பார்த்தேன். குடுமி தெளிவாகத் தெரிந்தது, ஐந்து விரல்களும் ஒரே திட்டாக ஒட்டிக்கொண்டன. அதனால் கட்டைவிரலை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு உள்ளங்கையை உருண்டையாக்கினேன்.

இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் உடம்பு, மேல்கை, முன்கை, இமை, மூன்று வாய்கள் என்று எல்லாவற்றையும் தனித்தனி லேயராகப் பிரித்தேன். தோளில் கையை நேர்க்கோடாக வெட்டியிருந்ததால், படத்தை அசைய வைக்கும் சின்ஃபிக் மென்பொருளில் கையைத் தூக்கியதும் அங்கே ஒரு இடைவெளி திறந்தது. கையின் முனையை வட்டமாக்கி, உடம்புக்குள் கொஞ்சம் நுழையவிட்டு, அந்த வட்டத்தின் நடுவையே சுழலும் புள்ளியாக வைத்த பிறகுதான் சரியானது. உடம்பை மட்டும் நசுக்கவோ இழுக்கவோ இல்லை, கல் ரப்பர் மாதிரி நெளிந்தால் கல்லாகவே தெரியாது. சாய்ந்து, கொஞ்சம் தாமதித்து நிமிர்ந்தாலே கனம் வந்துவிடுகிறது.

மொத்தம் நான்கு அசைவுத் துண்டுகள்: சும்மா நின்று கண் சிமிட்டுவது, வணக்கம் சொல்வது, சுற்றி மாவாட்டுவது, பக்கவாட்டில் கைகாட்டுவது. முதல் முறை ஒவ்வொன்றையும் அதனதன் போக்கில் முடித்திருந்தேன், அடுத்தடுத்து ஒட்டினால் பொம்மை திடுக்கென்று குதித்தது. எல்லாவற்றையும் பிரித்து, ஒரே நிற்கும் நிலையில் தொடங்கி அதே நிலையில் முடியும்படி மறுபடி செய்தேன், இப்போது எதற்குப் பின்னாலும் எதையும் வைக்கலாம். நிற்கும் துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது என்பதால் அதில் இன்னொரு கணக்கும் உண்டு: நொடிக்கு 24 பிரேம், இரண்டு நொடி. 0-வது பிரேமின் நிலையை 48-லும் வைத்தேன், ஆனால் 47 வரைதான் வெளியே எடுத்தேன், இல்லையென்றால் ஒரே படம் இரண்டு முறை வந்து லேசாகத் தடுக்கும்.

கைகாட்டும் துண்டில் முதலில் விலையையும் எழுதியிருந்தேன், அடுத்த மாதமே உளுந்து விலை ஏறி அந்தத் துண்டு வீணானது. இப்போது கை நீட்டும் இடம் வெறுமையாக இருக்கும், எழுத்தை வீடியோ செய்யும்போது சேர்த்துக்கொள்கிறோம்.

வழக்கமான எம்பி4-இல் பின்னணி ஒளிபுகும்படி நிற்காது. அதனால் பிரேமுக்கு ஒரு படமாக இருக்கும் பிஎன்ஜி வரிசையைத்தான் மூலமாகப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். வாட்ஸ்அப் அசையும் ஸ்டிக்கர் 512 பிக்சல் சதுரமாக, 500 கேபிக்குள் இருக்க வேண்டும், இந்த ffmpeg கட்டளையில் பிரேமைப் பாதியாக்கியதும் அதற்குள் அடங்கிவிட்டது:

```
ffmpeg -framerate 24 -i vanakkam.%04d.png -vf "fps=12,scale=512:512" -c:v libwebp_anim -quality 60 -loop 0 vanakkam.webp
```

காலையில் மாவு தயாரானதும் அண்ணி வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது இந்த வணக்கத்தைத்தான்.