"கர்ப்பமான பிறகு வாங்க" என்றார்கள்

எனக்கு வலிப்பு நோய். பல வருடங்களாக வால்புரோயேட் மாத்திரைதான். கல்யாணமானதும், குழந்தைக்கு முயலும் முன்பே மருந்தை மாற்றிவிட வேண்டும் என்று பினாங்கில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர், "கர்ப்பமான பிறகு வாங்க, இப்ப எதுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால் இந்த மருந்து முதலில் கெடுப்பது குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாயை. அது கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம். ஸ்கேனுக்கு நாள் வாங்குவதற்குள் முடிந்துவிடும் வேலை அது.

இன்னொரு கிளினிக்கில் நர்ஸ் அக்கா, கர்ப்பத்தில் மருந்துகளின் ஆபத்தை ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்தால் பிரித்த ஒரு பழைய அமெரிக்க அட்டவணையைக் காட்டி, "இது டி வகை, இன்னைக்கே நிறுத்தும்மா" என்றார். தயவுசெய்து அப்படி நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்பு தொடர்ந்து வரலாம், தாய் உயிருக்கே ஆபத்து.

கடைசியில் ரெஃபரல் லெட்டர் வாங்கி நரம்பியல் டாக்டரைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் எனக்குத் தெளிவு தந்தது. அந்த அமெரிக்க அட்டவணையில் இதே மாத்திரை வலிப்புக்கு டி, ஒற்றைத் தலைவலியைத் தடுக்கக் கொடுத்தால் எக்ஸ். குழந்தைக்கு வரும் கெடுதல் இரண்டிலும் ஒன்றுதான். வலிப்புக்கு சிலருக்கு வேறு எதுவும் கேட்காது, அதனால் டாக்டர் எடைபோட்டுக் கொடுக்க இடம் விட்டார்கள். தலைவலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, அதனால் கூடவே கூடாது. ஆக அந்த எழுத்து, பயனையும் சேர்த்துப் பார்த்த முடிவு. டோஸ், மாதம் எதுவும் அதில் தெரியாது. இப்படிக் குழப்புவதால்தான் 2015 முதல் அமெரிக்காவில் புது மருந்து விவரத்தாள்களில் இந்த எழுத்துகளை விட்டுவிட்டு விளக்கமாக எழுதச் சொல்கிறார்கள்.

எண்களையும் கேட்டு வாங்கினேன். பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். வால்புரோயேட்டில் அது சுமார் பத்து. டோஸ் கூடினால் இன்னும் ஏறும். பேச்சு, கற்றல் போன்ற வளர்ச்சிச் சிக்கல் முப்பது நாற்பது பேருக்கு வரலாம்.

எனக்கு லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மருந்து ஒத்துக்கொண்டது. ஆனால் வால்புரோயேட் உடம்பில் இருக்கும்போது லாமோட்ரிஜின் ரத்தத்தில் இரட்டிப்பாகத் தங்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றினார்கள், பழையதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மாதக்கணக்கில் ஆகும், முன்பே தொடங்குங்கள். இடையில் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். கூடவே ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் எழுதித் தந்தார்.

கர்ப்பமானதும் ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு தானாகக் குறையும். அப்போது டோஸைக் கூட்டச் சொன்னால் பயந்துபோய் மறுக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் மறுபடி குறைக்க வேண்டும், அதற்கான தேதியையும் அட்டையில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.