குளிரறைப் பதிவேட்டில் 7.9 என்று எழுத வேண்டி வந்தால்

திருகோணமலையில் மீன் பதனிடும் இடமொன்றில் உணவுத் தொழில்நுட்பப் பயிலுநராகச் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே கையில் தருவது வெப்பநிலைப் பதிவேடுதான். கொட்பே பக்கமிருந்து ஐஸில் வரும் சூரை மீனை வாங்குவதிலிருந்து குளிரறையில் வைப்பதுவரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி எழுதவேண்டும். சூரையில் இந்த எண்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மீன் சூடேறினால் அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடினை பக்டீரியா ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு உறைய வைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கலாம். அதனால் மூக்கை நம்ப முடியாது, வெப்பமானியைத்தான் நம்பவேண்டும்.

அந்த வெப்பமானி சரியா என்று காலையில் முதலில் பார்க்கவேண்டும். ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு குவளை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் சுத்தமான தண்ணீர் விடுங்கள். புரோபின் நுனி நடுவில், சுவரிலும் அடியிலும் படாமல் நிற்கவேண்டும். மெதுவாகக் கலக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். 0 பாகைக்கு அரைப் பாகை இப்படியோ அப்படியோ இருந்தால் பாவிக்கலாம். பலர் செய்யும் பிழை, தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியை மிதக்கவிடுவது. அடித்தண்ணீர் 3, 4 பாகையில் நிற்க, நல்ல வெப்பமானியைப் பழுது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மீனில் அளக்கும்போது தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில், முள்ளந்தண்டுக்குக் கிட்ட வரை நுனி போகவேண்டும். ஒவ்வொரு மீனிலும் அதே இடம்தான், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் இடையில் 70 வீத அல்ககோலால் புரோபைத் துடையுங்கள். துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்புக் கருவி தோலின் வெப்பத்தைத்தான் காட்டும். மேலே ஐஸ் பட்டிருந்தால் உள்ளே 6 பாகை இருந்தாலும் அது 1 என்று சொல்லும்.

இனி அந்த 7.9. குளிரறைக் காற்று 4 பாகையைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு என்று வைப்போம். காலை 6 மணிக்கு 3.2, 8 மணிக்கு 3.6. மீன் இறக்கி முடிந்தபின் 10 மணிக்குத் திரையில் 7.9. இந்த இடத்தில் 3.9 என்று எழுதச் சொல்லி யாராவது கண்ணைக் காட்டினாலும் எழுதாதீர்கள். 7.9 என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போடுங்கள். திரை காட்டுவது காற்றின் வெப்பம், மீனுடையது அல்ல. உடனே கதவோரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, உள்மூலையில் ஒன்று என்று மூன்று பெட்டிகளில் நடுவெப்பம் எடுக்கவேண்டும். 4.1, 2.0, 1.4 என்று வந்தால் நிலைமை புரிகிறது: ஐஸ் சூழ்ந்திருக்கும் மீன் பாதுகாப்பாக இருக்கிறது, கதவோரப் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குப் புது ஐஸ் போட்டு, அடையாளச் சீட்டுக் கட்டி உள்ளே தள்ளுங்கள். மேற்பார்வையாளருக்கும் அப்போதே சொல்லவேண்டும்.

பிறகு காரணம். உறைபனி நீக்கும் சுற்றில் காற்று ஏறியிருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும், பழைய தாள்களிலும் அதே நேரத்தில் ஏற்றம் தெரியும். அப்படி இறங்காவிட்டால் கதவு இறப்பரைப் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், தடையில்லாமல் வரும் இடத்தில் இறப்பர் தளர்ந்திருக்கிறது. எங்கள் ஊர் வெக்கையில், காற்று நுழைய அந்தச் சின்ன இடைவெளியே போதும். அரை மணித்தியாலம் கழித்து மறுபடி அளந்து, 5.1 என்றால் 5.1 என்றே எழுதவேண்டும்.

கழுவும் குளோரின் தண்ணீருக்கும் இதே முறைதான். 5 வீதக் கரைசலில் 20 மில்லிலீற்றரை 10 லீற்றருக்குச் சேர்த்தால் லீற்றருக்கு 100 மில்லிகிராம் வரும் என்பது கணக்கு. ஆனால் கான் வெயிலில் கிடந்தால் கரைசல் பலமிழந்துவிடும், மீன் இரத்தம் கலந்தாலும் குறையும். ஊற்றிய அளவை எழுதினால் போதாது, சோதனைத் தாள் காட்டியதையும் எழுதவேண்டும்.

பிழையாக எழுதிய எண்ணை ஒற்றைக் கோட்டால் வெட்டி, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பச் சுருக்கம் போடுங்கள். வெள்ளை மை வேண்டாம், பென்சிலும் வேண்டாம். ஒரு வாரம் முழுக்க 4.0, 4.0 என்று ஒரே எண் நிற்கும் தாளைப் பரிசோதகர் முதலில் சந்தேகிப்பார், ஏனென்றால் கதவு திறந்து மூடும் குளிரறையில் எண் அசையாமல் இராது. 7.9 இருந்த தாளில் இறப்பர் மாற்றிய திகதியும், அடுத்த நாள் இறக்கி முடிந்தபின் 10 மணிக்கு எடுத்த 3.4 உம் சேர்ந்த பிறகுதான் மேற்பார்வையாளர் அதில் ஒப்பமிடவேண்டும்.