அழுகையை எடுத்துவிட்டுத் தேதியைப் போட்டேன்

அம்மாவின் பித்தப்பை அறுவைச் சிகிச்சைப் பணத்துக்காகத் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்று முறையும் கவுன்டரில் ஒரே பதில்: "ப்ராசஸ்ல இருக்கு சார்." இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் வேண்டாம்.

நான் அனுப்பிய முதல் மெயிலை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அம்மா பட்ட பாடு, நான் வட்டிக்கு வாங்கியது எல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. கிளைம் எண் இல்லை, பாலிசி எண்தான் போட்டிருந்தேன். ஒரே பாலிசியில் அப்பாவின் பழைய கிளைமும் இருந்ததால், "உங்கள் கிளைம் முடிந்துவிட்டது" என்று பதில் வந்தது!

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "டேய், இதுல அழுகை இருக்கு, தேதி எங்கடா?" என்றார். இருவரும் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். பொருள் வரியிலேயே கிளைம் எண்ணும் தொகையும். கீழே இவ்வளவுதான்:

"மார்ச் 4 டிஸ்சார்ஜ். மார்ச் 11 கிளைம் தாள்கள் ஒப்படைப்பு. ஏப்ரல் 2 ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டீர்கள். ஏப்ரல் 9 ஸ்பீட் போஸ்டில் உங்களுக்குக் கிடைத்தது, டெலிவரி விவரம் இணைப்பில். இன்று மே 12. அதற்குப் பிறகு கேள்வியும் இல்லை, பணமும் இல்லை. பில் ரூ.62,480. கையுறை, பதிவுக் கட்டணம் முதலியவை ரூ.1,930 கழித்து வரவேண்டியது ரூ.60,550."

ஏப்ரல் 9-தான் இதில் உயிர். கடைசித் தாள் வந்து சேர்ந்த நாளை நாம் நிரூபிக்காவிட்டால், "இன்னும் தாள் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். மார்ச் 11 அன்று நகலில் சீல் வாங்காமல் வந்த ஏமாளி நான். நல்லவேளை, ஸ்கேனை நேரில் கொடுக்கவில்லை. தொகையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முழு பில்லையும் கேட்டால் கையுறைக்குத் தரமாட்டோம் என்று அதையே பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். நாமே கழித்துவிட்டால் பேச எதுவும் இல்லை.

கிளைக்கு அனுப்பாமல், பாலிசிப் பத்திரத்தில் இருந்த குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரிக்கு அனுப்பினோம். கடைசி வரி சித்தப்பாவுடையது: "30 நாளில் பதில் இல்லையென்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்வேன்." இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அந்த அலுவலகத்தில் கட்டணம் கிடையாது, ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதற்கும் இந்த மெயிலே சாட்சி.

ஒன்பதாம் நாள் ரூ.60,550 வரவு வைத்ததாக மெசேஜ் வந்தது. தாமதத்துக்கான வட்டி, அதாவது வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம், வரவில்லை. அதே கிளைம் எண், அதே தேதிகளோடு நேற்று அடுத்த மெயில் போயிருக்கிறது.